வெள்ளிப் பட்டையின் உள்பக்கம்

அய்யாத்துரை அண்ணாச்சி திருடர் என்று எங்கள் அலுவலகம் முடிவு செய்து பதினோரு நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றுக்கு. இப்போது சனிக்கிழமை, மதியம் மூன்று. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. பத்ரி சார் குடையுடன் முன்னால் போனார். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கைத்தடியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

அந்தத் தடியின் வெள்ளிப் பட்டை அசல்தானா, அதை அண்ணாச்சி மாற்றிவிட்டாரா என்று பார்க்கத்தான் அவருடைய பட்டறைக்கே போய்க்கொண்டிருந்தோம். அவர் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். நடந்தது என்ன என்பதும் தெரியும். இந்தப் பதினோரு நாளில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகம் பம்பாயின் கோட்டைப் பகுதியில் இருக்கும் ஒரு ஏல நிறுவனம். பழைய வீடுகளிலிருந்து வரும் சாமான்களை ஆராய்ந்து, விவரம் எழுதி, ஏலத்தில் வைப்பது தொழில். வெள்ளிச் சாமான், கைத்தடி, குடைப்பிடி எல்லாம் பத்ரி சார் பொறுப்பு. நான் அவருடைய உதவியாளர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தேன். அதிகம் பேசாத பெண் என்பதால் நுணுக்கமான வேலைக்குச் சரியாக இருப்பேன் என்று நேர்காணலில் சொன்னார்கள்.

மே மாதம் மாட்டுங்காவில் சந்திரமௌலி என்பவர் வீட்டுக்குப் போனோம். எண்பத்தொரு வயது. அவருடைய அப்பா சேர்த்து வைத்த பதினான்கு கைத்தடிகள் கூடத்து மூலையில், ஒரு பித்தளைத் தொட்டியில் நின்றன. பத்ரி சார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் குறித்துக்கொண்டேன்.

அவர் முதலில் முத்திரையைப் பார்க்க மாட்டார். தடியைத் தலைகீழாகப் பிடித்து, அடியிலிருக்கும் பூணைத்தான் பார்ப்பார். பிறகு மரம், பிறகு மரமும் பிடியும் சேரும் இடம். கடைசியில்தான் லூப் என்னும் சின்ன உருப்பெருக்கியை எடுத்து வெள்ளியில் அடித்திருக்கும் முத்திரைகளைப் பார்ப்பார்.

"முத்திரையை முதல்ல பார்த்தா மனசு அதையே நம்பிடும்மா. அப்புறம் கண்ணு வேற எதையும் பார்க்காது" என்பார்.

ஒன்பதாம் எண் தடியை அவர் வெகு நேரம் கீழே வைக்கவில்லை. மலாக்கா பிரம்பு. கணு இல்லாத ஒரே நீளம், பக்கவாட்டில் இயற்கையாக ஓடும் மெல்லிய விளிம்பு. எருமைக்கொம்புப் பிடி. பிடியும் பிரம்பும் சேரும் இடத்தில் ஒரு அங்குல அகலத்துக்கு வெள்ளிப் பட்டை. அதில் நான்கு முத்திரைகள்: செய்தவரின் முதலெழுத்துகள், லண்டனுக்கு உரிய சிறுத்தைத் தலை, அசல் வெள்ளி என்பதற்கான நடக்கும் சிங்கம், ஆண்டைச் சொல்லும் சின்ன 'எம்'. அந்த எழுத்தின் வடிவத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. அடியில் பித்தளைப் பூண், அதன் நுனியில் இரும்பு. இரும்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. வளைந்த பிடியை எப்போதும் ஒரே வாக்கில்தான் பிடிப்பார்கள். அதனால் அடியும் ஒரே பக்கம் தேயும். பிடி பார்க்கும் திசைக்கும் பூண் தேய்ந்த பக்கத்துக்கும் பொருத்தம் இருந்தது. தலையும் உடம்பும் காலும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்த தடி.

பத்ரி சார் முத்திரைகளைத் தன் போனில் படம் எடுத்தார். பூண் மட்டும் ஆடியது. நூறு வருடத்தில் பிரம்பு சுருங்கியிருந்தது.

"உங்க ஏரியா ஆளு அய்யாத்துரைகிட்ட கொடுத்துடலாம்" என்றார்.

அய்யாத்துரை அண்ணாச்சியை அலுவலகத்துக்கு அறிமுகப்படுத்தியதே நான்தான். நாங்கள் தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கிறோம். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. கைத்தடி, குடைப்பிடி, பித்தளைப் பெயர்ப்பலகை எல்லாம் அவர் பட்டறைக்கு வரும். குர்லாவிலிருந்து ஒரு வியாபாரி மட்டும் மாதம் முப்பது பழைய குடைப்பிடி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்தத் தொகுதியில் பூண் ஆடிக்கொண்டிருந்த நான்கு தடிகளை அவரிடம் கொடுத்தோம். மூன்று நாளில் போன் வந்தது.

"ஏட்டி மாரி, அந்த ஆறாம் நம்பர் தடி இருக்குல்லா, வெள்ளித் தொப்பி போட்டது, அது தடியே இல்லட்டி. குடை."

"குடையா அண்ணாச்சி?"

"குடையேதான். பாலீஷுக்கு அடியில ரெண்டு எடத்துல மரத்தச் செதுக்கி அடைச்சிருக்கான். குடை விரிக்க ஸ்பிரிங் இருக்கும்லா, அந்தப் பள்ளம். கம்பும் விரல் மொத்தம்தான் இருக்கு. பூண் மட்டும் தடிப்பூண், பின்னால போட்டது. உங்க சார்ட்ட சொல்லு. அவிய பெரிய தடின்னு எழுதிரப் போறாவ."

அவர் சொல்லியிருக்காவிட்டால் பத்ரி சார் அப்படித்தான் எழுதியிருப்பார். வெள்ளித் தொப்பியின் பர்மிங்காம் முத்திரையை மட்டும் அன்று முதலிலேயே பார்த்துவிட்டிருந்தார்.

நான்கு தடிகளையும் நான்தான் போய் வாங்கி வந்தேன். ஒன்பதாம் எண்ணின் பழைய பூணையே கழற்றி, சுத்தம் செய்து, அரக்கு வைத்து, தேய்ந்த பக்கம் முன்பு இருந்த வாக்கிலேயே திருப்பி மாட்டியிருந்தார். வாங்கிக்கொண்ட தாளில் 'வெள்ளிப் பட்டை: மாற்றமில்லை, முத்திரைகள் தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளைக் கோப்பில் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தக் கோப்பை எடுத்து என் மேஜையின் கடைசி இழுப்பறைக்கு மாற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். பத்ரி சார் புனேயில் இருந்தார். நான்கு மணிக்குப் படம் எடுக்கிறவர் வருவதாக இருந்தது. பட்டையில் முத்திரைப் பள்ளங்களைச் சுற்றி கறுப்புப் படிந்திருந்தது. வெள்ளி சல்பைடு. அதை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். சீமைச்சுண்ணாம்பும் பஞ்சும் வைத்துத் தேய்த்தேன். பெரும்பாலும் போயிற்று. முத்திரைகளுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

முத்திரைக்குள் இருக்கும் கறுப்பைத் தொடக் கூடாது என்பது எங்கள் அறையில் எழுதியே ஒட்டியிருக்கும் விதி. அந்தக் கறுப்பு இருந்தால்தான் முத்திரை கண்ணுக்குத் தெரியும். முத்திரை மேல் மோட்டார் வைக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி.

நான் கை மோட்டாரை எடுத்தேன். பென்சில் பருமனில் இருக்கும் சின்ன மோட்டார். நுனியில் கம்பளி உருளை, அதில் சிவப்பு மெருகுப் பொடி. இரண்டு நிமிடம் இருக்கும். வெள்ளி எவ்வளவு மென்மையானது என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எண்ணோடு எழுதியிருக்கிறேன்.

துடைத்துப் பார்த்தபோது கறுப்பு போயிருந்தது. சிங்கத்தின் கால்களும் போயிருந்தன. சிறுத்தையின் முகம் தேய்ந்த நாணயம் போல ஆகியிருந்தது. 'எம்'மின் ஒரு கால் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கறுப்புக்கு அடியில் ஒளிந்திருந்த பழைய அரிப்புக் குழிகள் பொடிப்பொடியாக மேலே தெரிந்தன.

படம் எடுக்கிறவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை பத்ரி சார் தன் போன் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு தடியைக் கொண்டுவரச் சொன்னார். லூப்பில் பார்த்தார். பட்டையின் மேல் வாயால் ஊதினார். வேறொரு சாமானிலிருந்து முத்திரையை வெட்டி எடுத்து ஒட்டியிருந்தால், மூச்சு படியும்போது பற்றுவைத்த கோடு தனியாகத் தெரியும். கோடு எதுவும் தெரியவில்லை.

"ஒட்டு இல்லை" என்றார். "அப்போ முழுப் பட்டையுமே வேற. அசலை அச்சு எடுத்து வார்த்திருக்கான். பாரு, ஓரம் எல்லாம் மழுங்கி இருக்கு. குழி குழியா இருக்கு. வார்ப்புல இப்படித்தான் வரும். அசலைக் கழட்டி வெச்சுண்டு இதை மாட்டியிருக்கான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அது என் காரணத்தைவிடப் பொருத்தமாகவும் இருந்தது.

"நம்ம கையை விட்டு வெளில போனது ஒரே எடம். தாராவி. மூணு நாள்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன்னைச் சொல்லலைம்மா. உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

மணி அப்போது பதினொன்று.

அதன் பிறகு அண்ணாச்சிக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து வேலை போகவில்லை. அவர் போனை யாரும் எடுக்கவில்லை. ஆறாம் நாள் குர்லா வியாபாரி ஆள் அனுப்பி, செய்தது செய்யாதது எல்லாக் குடைப்பிடிகளையும் எண்ணி எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி வெள்ளியை மாற்றுகிறாராமே என்று வந்த ஆள் அவரிடமே சொல்லிவிட்டுப் போனான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பத்ரி சார் யாரோ ஒருவரிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னாலே போதும்.

எட்டாம் நாள் காலை, அண்ணாச்சி மனைவி முப்பிடாதியம்மாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மாவிடம்தான் பேசினார். நான் உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தேன்.

"ஒம் மவ ஆபீஸ்ல என்னமோ நடந்திருக்கு போல. இவிய ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, நான் எதையும் மாத்தலட்டி, எதையும் மாத்தலட்டின்னு சொல்லுதாவ. நான் என்ன, கோர்ட்டா? எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? மாரிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

அம்மா உள்ளே வந்து கேட்டார். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். சீப்பில் முடி சிக்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டே சொன்னேன்.

அன்று மத்தியானம் தடியை எடுத்துக்கொண்டு, வெள்ளியின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் உள்ள கடைக்குப் போனேன். தொண்ணூற்றிரண்டு புள்ளி ஆறு என்று சீட்டு வந்தது. அசல் தரம். அதை பத்ரி சார் மேஜையில் வைத்தேன்.

"இதனால என்ன?" என்றார். "வார்க்கறவன் அதே தர வெள்ளில வார்ப்பான். வெள்ளி என்ன, கிடைக்காத சரக்கா? முத்திரைலதான்மா மதிப்பு."

பிறகு, திங்கட்கிழமை போலீஸில் எழுதிக் கொடுக்கப் போவதாகவும், அதற்கு முன் சந்திரமௌலிக்கு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை நான் பேசினேன். வீட்டிலேயே வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

"சார், பட்டையைக் கழட்டி உள்பக்கம் பார்க்கலாம். முத்திரையை உளி மாதிரி வெச்சு அடிச்சிருந்தா உள்ளே அடி வாங்கின தழும்பு இருக்கும். வார்ப்பா இருந்தா இருக்காது. தகட்டை வளைச்சுச் செஞ்ச பட்டையா இருந்தா பற்றுவைச்ச கோடும் உள்ளே தெரியும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை நான் யோசிச்சிருக்கணும். ஆனா யார் கழட்டறது? சூடு கொஞ்சம் கூடினா கொம்பு வெடிச்சுடும். பம்பாய்ல இதைப் பதமா கழட்டற ஆளு…"

அவரே நிறுத்திக்கொண்டார். பேனா மூடியைப் போட்டுவிட்டு, "சரி. அவன் கையாலேயே கழட்டட்டும். நாம எதிர்ல உக்காந்து பார்க்கலாம்" என்றார்.

நான் போட்டிருந்த கணக்கு எளிமையானது. உள்பக்கம் பார்த்தால் பட்டை அசல் என்று தெரிந்துவிடும். அண்ணாச்சி திருடர் இல்லை என்று ஆகிவிடும். அத்துடன் முடிந்துவிடும். யாரும் என்னிடம் எதுவும் கேட்காவிட்டால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறை, சந்துக்குள் தரைத்தளத்தில் ஒற்றை அறை. ஒரு மூலையில் பித்தளைக்கு மெருகு போடும் பெரிய துணிச் சக்கரம். சுவரில் பூண்கள் கோத்த கம்பிகள். குடைப்பிடிகள் இருந்த மரப்பெட்டி காலியாக இருந்தது. அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் எழுந்தார். பதினோரு நாளில் அவர் முகச்சவரம் செய்தது மாதிரி தெரியவில்லை.

பத்ரி சார் வாசலில் செருப்பைக் கழற்றப் போனார்.

"உள்ளயே போட்டுக்கிட்டு வாங்க சார்" என்றார் அண்ணாச்சி. "வெளிய விட்டா எவனாவது மாட்டிட்டுப் போயிருவான். பொறவு அதுக்கும் எம் பேருதான் வரும்."

பத்ரி சார் சிரிக்கவில்லை. செருப்போடு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார். அண்ணாச்சி முழுவதும் கேட்டார்.

"இத மொத நாளே கேட்டிருக்கலாம்லா சார். ஒரு போனு. அய்யாத்துரை, கழட்டிக் காட்டுலேன்னா காட்டிட்டுப் போறேன்."

தடியை வாங்கினார். பட்டையின் விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். ஈரத்துணியை எடுத்து கொம்புப் பிடியில் இறுக்கிச் சுற்றினார். பிரம்பிலும் சுற்றினார். நடுவில் வெள்ளி மட்டும் தெரிந்தது. ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். சுடரில் வைக்கவில்லை. சுடருக்கு ஒரு சாண் மேலே தடியைப் படுக்கவைத்து, விடாமல் உருட்டிக்கொண்டே இருந்தார். நடுநடுவே விரல் பின்புறத்தால் வெள்ளியைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அரக்கு மணம் வந்தது.

பிடியைப் பிடித்து மெதுவாகத் திருகினார். அது அசைந்தது. இன்னும் ஒரு திருகு. பிடி முளையோடு கழன்று கையில் வந்தது. பட்டையைப் பிரம்பிலிருந்து மேல்பக்கமாக உருவினார். பலகையில் துணி விரித்து அதில் வைத்தார்.

"மொதல்ல அரக்கப் பாருங்க சார்" என்றார். "கன்னங்கரேல்னு, தொட்டா பொடியுது. ஒரு மாசத்து அரக்கு இப்படியா இருக்கும்? இந்த எடத்த நான் தொறக்கவே இல்ல. நான் தொறந்தது அடிப்பூணு மட்டுந்தான். அங்க பாருங்க, புது அரக்கு, தேன் கலரு."

பத்ரி சார் லூப்பைக் கண்ணில் வைத்தார். டார்ச்சை என்னிடம் கொடுத்து உள்ளே அடிக்கச் சொன்னார். வெளிச்சம் பட்டையின் விளிம்பிலேயே விழுந்தது. "நேரா பிடிம்மா" என்றார்.

உள்பக்கம் மேல்கீழாக ஒரு கோடு ஓடியது. தகட்டை வளைத்துப் பற்றுவைத்த கோடு. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், வரிசையாக நான்கு மங்கலான மேடுகள். வெளியே அடித்த நான்கு அடிகள் உள்ளே வந்திருந்தன. நூற்றுப் பதினெட்டு வருடமாக அரக்குக்குள் யாரும் பார்க்காமல் இருந்தவை. அங்கே தேய்க்க யாராலும் முடியாது.

பத்ரி சார் நீண்ட நேரம் பார்த்தார். லூப்பை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் பார்த்தார்.

"அசல்தான்" என்றார்.

அண்ணாச்சி விளக்கை ஊதி அணைத்தார்.

"நான் தப்பா நெனச்சுட்டேன் அய்யாத்துரை. மன்னிச்சுக்கோங்கோ." பத்ரி சாருக்கு அதைச் சொல்லச் சிரமமாக இருந்தது. ஆனாலும் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சரி சார். விடுங்க. கெடக்கு." அண்ணாச்சி போனை எடுத்தார். "முப்பிடாதி… ஏட்டி, ஒண்ணும் இல்ல. திருட்டு இல்லன்னு ஆயிட்டு. ஆமா. சார் இங்கதான் இருக்காவ. அழாதட்டி, கழுத, போன வை." வைத்துவிட்டு, சந்துப் பக்கம் பார்த்து, "தம்பி, மூணு கட்டிங் டீ. நல்லா இஞ்சி தட்டிப் போடு" என்று கத்தினார்.

நான் டார்ச்சை அணைத்தேன். என் கணக்கு சரியாக வந்திருந்தது. பதினோரு நாளில் முதல் தடவையாக மூச்சை முழுதாக இழுத்தேன்.

பத்ரி சார் பட்டையைக் கையில் திருப்பி, இப்போது வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இது ஏன் இப்படி ஆச்சு?" என்றார். "மே மாசம் சிங்கத்தோட வால்கூடத் தெரிஞ்சுது. வார்ப்பு இல்லைன்னா, யாரோ மெருகு போட்டிருக்கா. நல்லா அழுத்திப் போட்டிருக்கா."

அவர் கண் அறையைச் சுற்றி வந்து மூலையில் இருந்த துணிச் சக்கரத்தில் நின்றது. அண்ணாச்சியும் திரும்பி அதைப் பார்த்தார்.

"அந்தச் சக்கரத்துல வெள்ளியக் காட்ட மாட்டேன் சார். அது பித்தளைக்கு."

"பூணுக்கு மெருகு போட்டீங்களா?"

"பூணுக்கு லேசா காட்டினேன்." அவர் தாடையைச் சொறிந்தார். "அன்னைக்கு நேம் பிளேட்டு வேலை நெறைய. தடியத் திருப்பி இந்தப் பக்கமும் ஒரு காட்டு காட்டிட்டனோ என்னமோ. கை பழக்கம். நெனவு இல்ல."

"காட்டியிருப்பீங்க."

அண்ணாச்சி தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பியும் பார்த்தார். பிறகு, என்னால் நம்ப முடியவில்லை, தலையாட்டினார்.

"இருக்கும் சார். நாந்தான் செஞ்சிருப்பேன். வேற யாரு தொட்டா? இங்கன விட்டா உங்க ஆபீஸு. அங்க உள்ளவிய படிச்சவிய." அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் அதைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. "கை தவறுறது மனுசனுக்கு உள்ளதுதான. களவாணின்னு சொன்னீங்களே, அதுக்கு இது எவ்வளவோ மேலு சார்."

டீ வந்தது. அண்ணாச்சி முதல் கிளாஸை பத்ரி சாருக்கும் இரண்டாவதை எனக்கும் கொடுத்தார். சூடு விரலில் ஏறியது. கீழே வைக்க இடம் இருந்தும் வைக்கவில்லை.

பத்ரி சார் நிதானமாகவும் நியாயமாகவும் பேசினார். போலீஸ் இனி இல்லை. ஆனால் சந்திரமௌலிக்கு எழுதியாக வேண்டும். பழுதுபார்க்கும்போது முத்திரை தேய்ந்துவிட்டது என்று எழுதுவார். பட்டியலிலும் அப்படியே வரும். இனிமேல் அண்ணாச்சிக்கு மரமும் பூணும் மட்டும் அனுப்புவார்கள். வெள்ளி இருக்கும் எதையும் அனுப்ப முடியாது.

"புரியறதில்லையா? எனக்கு மேலயும் ஆள் இருக்கா. கேப்பா."

"புரியுது சார். எழுதிக்கிடுங்க."

வெள்ளி இல்லாத கைத்தடி எங்களிடம் வருவதே அபூர்வம். அது அண்ணாச்சிக்கும் தெரியும். குர்லா வியாபாரியின் குடைப்பிடிகள் எல்லாமே வெள்ளி போட்டவை.

அண்ணாச்சி பட்டையை வாங்கி, பழைய அரக்கைச் சின்ன மரக்குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார். உள்பக்கம் சுரண்டும்போது அந்த நான்கு மேடுகளைச் சுற்றி மட்டும் குச்சியை விலக்கிக்கொண்டு போனார். பிறகு பட்டையைத் திருப்பி, வாசல் வெளிச்சத்தில் முத்திரைகளைப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். புருவம் சுருங்கியது. பெரிய சக்கரத்தைப் பார்த்தார், மறுபடியும் பட்டையைப் பார்த்தார். தேய்ந்த இடம் ஒரு கொத்தமல்லி விதை அளவுக்குப் பள்ளம் பள்ளமாக இருந்தது. தட்டு அகலம் உள்ள துணிச் சக்கரம் அப்படித் தேய்க்காது. அது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் தன்னையே நம்பாத ஆளுக்குத் தன் கண்ணையும் நம்பத் தோன்றாது.

"ஏட்டி மாரி" என்றார், தலையைத் தூக்காமல். "நீதானட்டி அன்னைக்கு வந்து வாங்கிட்டுப் போன. தாள்ல என்னமோ எழுதிக் கையெழுத்துப் போட்டியே. அப்பவே இப்படித்தான் இருந்துச்சா? பாத்தியா?"

"அது இப்போ எதுக்கு அய்யாத்துரை?" என்றார் பத்ரி சார்.

"இல்ல சார், பழி போடக் கேக்கல. எங் கை எனக்குத் தெரியாம ஒரு வேலை செய்யுதுன்னா, நாளைக்கு வேற எதைக் கெடுக்குமோ. அதான். ஒரு வார்த்த தெரிஞ்சா போதும். சொல்லு பிள்ள, பாத்தியா?"

மழை நின்றிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டுவது கேட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசச் சிரமப்படுகிறவள் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் காத்திருந்தார்கள்.

டீ கிளாஸைப் பலகையில் வைத்தேன்.

"பாத்தேன் அண்ணாச்சி. அப்போ நாலு முத்திரையும் தெளிவா இருந்துச்சு. அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அந்தத் தாள் என் டிராயர்ல இருக்கு" என்றேன். பிறகு பத்ரி சார் பக்கம் திரும்பினேன். "சார், நீங்க புனே போயிருந்த வெள்ளிக்கிழமை, நம்ம ஆபீஸ்ல, கை மோட்டார் வெச்சு அதைத் தேய்ச்சது நான்."